நூற்றிருபது சஹனுக்கு ஒரு பட்டாலியன்

கேணல் ஸஹீத் ஒருநாளும் இராணுவத்தில் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அணிநடை பழக்கிய நாட்களில்கூட, வெயில் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று வேப்பமர நிழலில் குந்தியிருந்தவர். இருந்தும் ஊரில் அவரைக் கேணல் என்றே சொன்னார்கள். முதலில் பகிடிக்குச் சொன்னார்கள், பிறகு பழக்கத்தில் சொன்னார்கள், அவருடைய கடிதத்தாளில் 'சிவில் பாதுகாப்பு இணைப்பாளர்' என்று மூன்று மொழியில் அச்சானதன் பிறகு கொஞ்சம் பயத்திலும் சொன்னார்கள்.

அந்தப் பதவியை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது தெளிவில்லை. தெளிவாக இருந்தது ஒன்றுதான்: கல்முனைக்குத் தெற்கே எங்கள் கடற்கரை வீதியில் இருந்த இராணுவ முகாமின் வாசலால், யாரும் மறிக்காமல் உள்ளே போய் வரக்கூடிய ஒரே ஊர்க்காரர் அவர். உள்ளே போய் என்ன செய்தார் என்றால், தேத்தண்ணி குடித்தார். வெளியே வந்து நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கதைத்தார். பல பைகள் வைத்த மண்நிறக் காற்சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிவாசல் முன்றலில் கையைப் பின்னால் கட்டி நிற்பார். "நம்மட ஜெனரலிட்டச் சொல்லியிரிக்கன்" என்பார். எந்த ஜெனரல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சங்கடம்தான்.

முகாமின் வாசலில் ஒரு பெரிய தகரப் பலகை இருந்தது. பட்டாலியன் தலைமையகம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்குப் பின்னால், முட்கம்பிக்குள், றுக்ஸானாவின் காணி கிடந்தது.

றுக்ஸானா பஸார் வீதியில் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹன், சோறாக்கும் கிடாரம், பாய், கதிரை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஐம்பது வயது தாண்டியவள். குரல் கொஞ்சம் உயரம். அதைக் குறைக்க வேண்டும் என்று அவளுடைய உம்மா உயிரோடு இருந்தவரை சொன்னார், பிறகு யாரும் சொல்லத் துணியவில்லை. அந்தக் காணி உம்மாவுக்குச் சீதனமாக வந்தது, உம்மா அவளுக்குக் கொடுத்தது, அவள் மகள் ஸும்றாவுக்குக் கொடுக்க வேண்டியது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தோடு இராணுவம் வந்து அந்தக் காணியில் இருந்துகொண்டது. இருந்த வீட்டை ஆயுதக் கிடங்காக்கி, பிறகு இடித்து, அத்திவாரத்தை மட்டும் மிச்சம் விட்டது. றுக்ஸானாவும் மகளும் சுனாமி வீட்டுத்திட்டத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். ஸும்றாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் அத்திவாரமாவது போட்டுக் காட்டாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு வீடு பார்ப்பார்கள். அதை அவர்கள் மிகவும் மரியாதையாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மரியாதையாகச் சொன்னதால்தான் அவளுக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

மூன்றாம் மாடி ஜன்னலால் பார்த்தால் முகாமின் முற்றம் தெரியும். பின்னேரங்களில் சிப்பாய்கள் கரப்பந்து விளையாடுவார்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு பேர், சில நாட்களில் மூன்று பேர், வாசலில் காவலுக்கு இரண்டு பேர். வலைக்கு இந்தப் பக்கம் ஒருவன் விழுந்து முழங்கால் உரசிக்கொண்டால், விளையாட்டு அன்றைக்கு முடிந்துவிடும். மாற்றாள் இல்லை.

"உம்மா, இதென்ன பட்டாலியன்?" என்றாள் ஸும்றா. "ஒரு டீமுக்கே ஆள் காணாதே."

"அதத்தான் நானும் ரெண்டு வருஷமாப் பாத்திட்டிரிக்கன்" என்றாள் றுக்ஸானா.

---

காணி விடுவிப்புக் கூட்டம் பிரதேச செயலக மண்டபத்தில் நடந்தது. மேசைத் தலைப்பில் மாவட்டக் காணி அலுவலகத்திலிருந்து வந்த தங்கரத்தினம் இருந்தார். அவர் 'முகாம் தேவையில்லை' என்று எழுதினால் காணி வரும். 'தேவை' என்று எழுதினால் வராது. எழுத வேண்டிய பேனையை அவர் மூடியே வைத்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மேஜர் அபேகோன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கொம்பனித் தளபதி அவர். வவுனியாவில் இருந்தபோது பழகிய தமிழை நிதானமாகப் பேசுவார். இடப்பக்கம், யாரும் அழைக்காமலே, கேணல் ஸஹீத்.

றுக்ஸானாவின் பெயரைக் கூப்பிட்டதும் ஸஹீத்தான் முதலில் எழும்பினார்.

"தங்கரத்தினம் ஐயா, இது சாதாரண காணி இல்ல. உள்ளுக்குள்ள ஒரு டிவிஷன் இரிக்கு. டிவிஷன் இரிக்கிற இடத்தில கை வைச்சா நாட்டுக்கே..."

மேஜர் இருமினார். "டிவிஷன் இல்லை, ஹாஜியார்."

"அதாவது, பட்டாலியன். ரெண்டும் ஒண்டுதானே, சேர்."

"ஒன்று இல்லை" என்றார் மேஜர். அவருக்கு அந்த இடத்தில் பேசாமல் விட முடியவில்லை. சீருடையில் பிழையான பட்டி குத்தியிருப்பதைக் கண்டவரைப் போல அவர் முகம் சுருங்கியது.

"சேர்," என்றாள் றுக்ஸானா, "நான் தெரியாத ஆள். எனக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்களன். பட்டாலியன் எண்டா எத்தின பேர்?"

இராணுவ அதிகாரிகளை யாரும் வழக்கமாக இப்படிக் கேட்பதில்லை. காணியைத் தா என்று அழுவார்கள், அல்லது சத்தம் போடுவார்கள். படிப்பிக்கச் சொன்னால் மேஜர் என்ன செய்வார்? முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தள்ளி வைத்தார்.

"கீழே இருந்து வருவோம், மேடம். ஆகச் சின்னது செக்ஷன். வெளிநாட்டில் ஸ்குவாட் என்கிறார்கள். எட்டு, ஒன்பது, பத்துப் பேர். பொறுப்பு ஒரு கோப்ரல். மூன்று செக்ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. பொறுப்பு ஒரு லெப்டினன்ட், இளம் ஒபிசர். மூன்று பிளட்டூனும் ஒரு சின்னத் தலைமைக் குழுவும் சேர்ந்தால் கொம்பனி. நூறு, நூற்றிருபது. அது என்னுடையது, மேஜர். மூன்று நான்கு கொம்பனியும், சமையல், வாகனம், மோட்டார் பீரங்கி எல்லாம் பார்க்கிற இன்னொரு கொம்பனியும் சேர்ந்தால் பட்டாலியன். அறுநூறிலிருந்து எண்ணூறு வரை. அதற்கு லெப்டினன்ட் கேணல்."

கேணல் என்ற சொல் வந்ததும் ஸஹீத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிவிஷன்?" என்றாள் றுக்ஸானா.

"அதற்கு முன்னால் பிரிகேட். மூன்று பட்டாலியன். இரண்டு மூன்று பிரிகேட்டும், பீரங்கியும் பொறியியலும் சேர்ந்தால் டிவிஷன். புத்தகத்தில் பத்தாயிரம், அதற்கு மேலேயும். பொறுப்பு மேஜர் ஜெனரல். நாட்டுக்கு நாடு வித்தியாசம். எழுதியதும் களத்தில் நிற்பதும் ஒரே கணக்காக இருப்பதும் இல்லை. லீவு, சுகமில்லை, வேறு கடமை."

றுக்ஸானா விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்களைத் தலைக்கணக்கில் எண்ணித் தெரியாது. கலியாணமானாலும் கந்தூரியானாலும் அவளுடைய கடையில் கணக்கு ஒன்றுதான்: ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருப்பார்கள்.

"அப்ப செக்ஷனுக்கு ரெண்டு சஹன் போதும்" என்றாள். "பிளட்டூனுக்கு அஞ்சு ஆறு. ஒங்கட கொம்பனிக்கு இருவது. பட்டாலியனுக்கு நூத்தி இருவது. டிவிஷனுக்கு... அல்லாஹ்! கல்முனையில இரிக்கிற சஹன் எல்லாத்தையும் எடுத்தாலும் காணாது."

மேஜர் சிரித்துவிட்டார். தங்கரத்தினம் சிரிக்காமல் இருக்கப் பேனையை உருட்டினார்.

"இனி நான் கேக்கிறன், சேர். என்ட காணிக்குள்ள இப்ப எத்தின சஹன் இரிக்கு?"

மேஜரின் சிரிப்பு நின்றது. "அது பாதுகாப்பு விஷயம், மேடம். முகாமில் எத்தனை பேர் என்று கூட்டத்தில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"நான் சொல்லுறன்" என்றார் ஸஹீத், யாரும் கேட்காமல். "முழுப் பட்டாலியன். வெளிய தெரியிறது கொஞ்சம். உள்ளுக்குத்தான் எல்லாம். அதான் பாதுகாப்பு!"

றுக்ஸானா தங்கரத்தினத்தைப் பார்த்தாள். "ஐயா, நான் மேல்மாடில இருந்து பாக்கிறன். பத்துப் பேர்தான்."

"நீங்க பாத்ததை நான் எழுதேலாது, தங்கச்சி" என்றார் தங்கரத்தினம். "அவங்க சொல்லவும் மாட்டாங்களாம். உள்ளுக்குப் போய் எண்ணவும் எனக்கு அதிகாரமில்ல. நான் என்ட கண்ணால கண்டா மட்டும்தான் எழுதுவன். பலகையில பட்டாலியன் எண்டுதானே கிடக்கு. அடுத்த கூட்டம் நோன்பு முடிஞ்ச பிறகு. அதுவரைக்கும் பலகைதான் சாட்சி."

வெளியே படியிறங்கும்போது ஸஹீத் அவளுக்குப் பின்னால் வந்தார். "றுக்ஸானா, ஒனக்கு நான் நல்லது சொல்லுறன். மாவட்டத்தில கொஞ்சம் நட்டஈடு கேட்டு வாங்கித் தாறன். பட்டாலியனோட மோதாத. அதுகள் ராணுவம்."

"காக்கா, நான் மோதல்ல" என்றாள் றுக்ஸானா, ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு. "நான் சாப்பாடு குடுக்கலாமெண்டு யோசிக்கிறன்."

---

நோன்பு பிறந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நிகழ்ச்சி பெரிதாக நடப்பதுண்டு. இராணுவத்தையும் அழைப்பது சில ஆண்டுகளாக வழக்கம். அழைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவது ஸஹீத்தின் வழக்கம். வருகிறவர்கள் ஒரு மேஜரும் சாரதியும் இரண்டு சிப்பாய்களுமாக இருப்பார்கள். அவர்களுக்கு முன் வரிசையில் ஒரு சஹன் போதும்.

இந்த முறை றுக்ஸானா பள்ளிவாசல் செயலாளருக்குச் சொல்லியனுப்பினாள்: 'நாலு பேரைக் கூப்பிட்டு மரியாதை காட்டினம் எண்டு சொல்ல வெக்கமில்லையா? பட்டாலியனே பக்கத்தில இரிக்கக்க, பட்டாலியன் முழுசையும் கூப்பிட வேணாமா? சஹன் என்ட கடையில சும்மா தாறன். வாடகை வேணாம். வீட்டுக்கொரு சஹன் சோறு ஊர் போடட்டும்.'

செயலாளர் ஸஹீத்திடம் சொன்னார். ஸஹீத் இரண்டு நிமிடம் யோசித்தார். மூன்றாவது நிமிடம் அது அவருடைய யோசனையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஊர்மக்களே! வரலாற்றில் முதல் தடவையாக! ஒரு முழுப் பட்டாலியனுக்கு நோன்பு திறக்கும் விருந்து! எழுநூறு வீரர்கள்! நூற்றிருபது சஹன்! மாவட்டத்திலிருந்து உயரதிகாரிகள்! என்னுடைய அழைப்பின் பேரில்..."

"எழுநூறு பேர் வருவாங்களா, ஹாஜியார்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"பட்டாலியன் எண்டா வேற எத்தின பேர்?" என்றார் ஸஹீத். இப்போது அவருக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். கூட்டத்தில் கேட்டதுதானே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முகாமுக்குப் போய், 'எத்தனை பேர் வருவீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்பதில்லை. விருந்தாளியிடம் எத்தனை பேர் வாறீங்கள் என்று கேட்டால், குறைவாக வாருங்கள் என்று சொன்ன மாதிரி. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூடக் கேட்கமாட்டோம். இரண்டு வேனில் வந்து இறங்கினாலும் சிரித்துக்கொண்டே கிடாரத்தில் இன்னும் அரிசி போடுவோம். ஆகவே யாரும் கேட்கவில்லை. அழைப்பிதழில் 'பட்டாலியன் குடும்பத்தினர் அனைவருக்கும்' என்று ஸஹீத் அச்சடித்தார். மேஜருக்கு ஒன்று, தங்கரத்தினத்துக்கு ஒன்று. தங்கரத்தினத்தின் பெயரை நினைவூட்டியது றுக்ஸானா.

"ஐயாவையும் கூப்பிடுங்க, காக்கா. ஒங்கட செல்வாக்கை அந்தாளும் பாக்கட்டும்."

"நான் கூப்பிடாம விடுவனா?" என்றார் ஸஹீத்.

பாண்டிருப்பிலிருந்து செல்லத்தங்கம் வந்து றுக்ஸானாவின் கடையில் சஹன் துடைத்துக் கொடுத்தாள். முகாமுக்குள் அவளுடைய தகப்பன் வழித் தென்னந்தோட்டத்தில் ஒரு மூலையும் கிடந்தது. மற்றபடி இருவரும் சிறுவயதில் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளியவர்கள்.

"ஏன்கா, இத்தின சஹன் குடுக்கிறாய், பத்துப் பேருக்கு?" என்றாள் செல்லத்தங்கம்.

"பத்துப் பேருக்கு எண்டு ஆர் சொன்ன? பலகையில பட்டாலியன் எண்டுதானே கிடக்கு" என்றாள் றுக்ஸானா. "நானா எழுதின?"

---

பள்ளிவாசலுக்கு முன்னாலுள்ள மைதானத்தில் பாய் விரித்தார்கள். நூற்றிருபது வீட்டிலிருந்து நூற்றிருபது சஹன் வந்தது. ஒவ்வொன்றையும் மூடி, மூடியின் மேல் வீட்டுக்காரர் பெயர் எழுதிய கடதாசி ஒட்டி, வரிசை வரிசையாக வைத்தார்கள். ஆட்டிறைச்சிச் சோற்றின் மணம் கடல்காற்றையே திருப்பிவிட்டது. ஸஹீத் வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டி நடந்தார். மரியாதை அணிவகுப்பைப் பார்வையிடும் ஜனாதிபதிகூட அவ்வளவு மெதுவாக நடந்திருக்கமாட்டார். பெண்களுக்கென்று ஒரு ஓரத்தில் சேலைத் துணி கட்டித் திரை போட்டிருந்தார். ஊர் ஆண்களை வரிசைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார். பட்டாலியன் முதலில் உட்கார வேண்டும் என்று கட்டளை.

மேஜர் அபேகோன் ஜீப்பில் வந்தார். தங்கரத்தினமும் வந்தார். சற்று நேரத்தில் முகாம் பக்கமிருந்து சிப்பாய்கள் நடந்து வந்தார்கள்.

எட்டுப் பேர்.

முன்னால் கோப்ரல் பண்டார. முகம் கழுவி, தலையைத் தண்ணீர் போட்டு வாரி, கையில் ஒரு பொதி பேரீச்சம்பழம். அவர்கள் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள். வரிசைகளைப் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்தான். கடைசியில் நின்றவன் தனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

ஊரும் பார்த்தது. யாரும் வரவில்லை.

"மத்தாக்கள்?" என்றார் ஸஹீத். குரல் மெலிந்திருந்தது.

"ரெண்டு பேர் கேற்றில் காவல், ஹாஜியார்" என்றார் கோப்ரல். "அவங்களுக்குப் பார்சல் எடுத்துப் போறோம், பிரச்சினை இல்லை."

"அதில்ல, மத்தாக்கள். பட்டாலியன்."

கோப்ரல் மேஜரைப் பார்த்தார். மேஜர் தரையைப் பார்த்தார். அப்போது பள்ளிவாசலில் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது.

பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சி குடித்து, ஊர் தொழுதது. தொழுகை முடிந்ததும் தங்கரத்தினம்தான் கேட்டார். கேட்கும் முன்னர் ஒரு கோப்பை கஞ்சியை முழுதாகக் குடித்திருந்தார். அவருக்கும் இப்போது அவசரமில்லை.

"மேஜர், நான் பத்துப் பேரை எண்ணுறன், காவலையும் சேத்து. இது ஒங்கட சொல்லில என்ன?"

மேஜர் பெருமூச்சு விட்டார். "செக்ஷன்."

"பட்டாலியன்?"

"வடக்குக்குப் போய் எத்தனையோ வருஷம். எனது கொம்பனியை மட்டும் இங்கே விட்டுப் போனார்கள். பிறகு கொம்பனித் தலைமையகம் சவளக்கடைப் பக்கம் போனது. இங்கே ஒரு பிளட்டூன். இரண்டு வருஷத்துக்கு முன்னர் அந்தப் பிளட்டூனையும் மூன்று இடத்துக்குப் பிரித்தோம். இங்கே ஒரு செக்ஷன். லெப்டினன்ட் இன்னொரு செக்ஷனோடு பொத்துவில் பாதையில் நிற்கிறார்."

"பலகை?"

"பலகையைக் கழற்ற பிரிகேட்டிலிருந்து எழுத்தில் உத்தரவு வரவேண்டும். கேட்டு எழுதியிருக்கிறோம்."

ஸஹீத் இடையில் புகுந்தார். "இது தற்காலிகம், ஐயா! எந்த நேரமும் பட்டாலியன் திரும்ப வரலாம்! நான் ஜெனரலிட்ட..."

அந்த நேரம்தான் சேலைத் திரை விலகியது. றுக்ஸானா வெளியே வந்தாள். தன் வீட்டுச் சஹனைத் தூக்கித் தலையில் வைத்திருந்தாள். ஊர்ப் பெண் ஒருத்தி ஆண்களின் வரிசைக்கு நடுவால் அப்படி நடந்ததை நாங்கள் கண்டதில்லை.

"எங்க போற?" என்றார் ஸஹீத். "இது ஆம்புளயள் இரிக்கிற இடம்."

"அதான் போறன், காக்கா. இது ஆம்புளயள் இடம், அது ராணுவத்திட இடம். எனக்கெண்டு ஒரு இடம் இரிக்கே, என்ட உம்மாட வளவு. பட்டாலியன் வராட்டி சோறு ஆறாதா? நான் என்ட வளவுக்க வைச்சுத் தின்னப் போறன். வாறாக்கள் வாங்க."

நடந்தாள். செல்லத்தங்கம் அவளுக்குப் பின்னால் இன்னொரு சஹனோடு. ஸும்றா. பிறகு பின்வரிசையில் நின்று எழுநூறு பேர் வருவாங்களா என்று கேட்ட மனுசன் தன் வீட்டுப் பெயர் எழுதிய சஹனைத் தேடிப் பிடித்து எடுத்தார். தன் வீட்டுச் சோறு யாரும் தொடாமல் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் ஊரில் எவருக்கும் வராது. சஹனுக்கொரு ஆள் தூக்க, பின்னால் ஐந்து பேர் பாயும் தண்ணியும் சிற்றுண்டித் தட்டும் எடுத்தார்கள். கடற்கரை வீதி நிரம்பியது. சிப்பாய்கள் எட்டுப் பேரும் தங்களுக்குக் கொடுத்த சஹன்கள் போய்விட்டதால் வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தார்கள். கோப்ரல் பண்டார ஒரு வயதாளிப் பெண்ணின் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டார்.

முகாம் வாசலில் தடை போட்டிருந்தது. காவலுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு இருபத்தொரு வயது இருக்கும். துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"உள்ளே வரேலாது" என்றான், அரைத் தமிழில்.

றுக்ஸானா தடைக்கு முன்னால் நின்றாள். தலையில் சஹன். கழுத்து ஆடவில்லை. "மகன், இது என்ட வளவு. அந்தக் கிணத்தைக் கண்டியா? நான் அதில தண்ணி அள்ளினவ. நீ பொறக்க முந்தியே. நான் திரும்பிப் போக மாட்டன். நீ சுடுறதெண்டா சுடு, சோறு கொட்டுண்டா ஒன்ட பாவம்."

பின்னால் வந்தவர்கள் நெருங்கி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் எங்களுக்கும் பயம் இருந்தது.

காவல்காரன் தன் கோப்ரலைத் தேடினான். கோப்ரல் கூட்டத்துக்குள்ளிருந்து குடத்தோடு வந்தார். ஒரு செக்ஷனின் கோப்ரலுக்கு முகாமைத் திறந்துவிட அதிகாரம் இல்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பொத்துவில் பாதையில் நிற்கிற லெப்டினன்டுக்குத் தொலைபேசினார். சிங்களத்தில் அவசரமாக விளக்கினார். லெப்டினன்ட் பிளட்டூனுக்குத்தான் பொறுப்பு. ஒரு முகாமுக்குள் சனத்தை விட அவருக்கும் அதிகாரம் இல்லை. கொம்பனித் தளபதியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார்.

கோப்ரலுக்கு இரண்டடி பக்கத்தில் நின்ற மேஜர் அபேகோனின் காற்சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது.

மேஜர் அதைப் பார்த்தார். கோப்ரலைப் பார்த்தார். எடுத்தார். மறுமுனையில் லெப்டினன்டின் குரல் எங்களுக்கும் கேட்டது. பிறகு மேஜரே தங்கரத்தினத்துக்கு அதைத் தமிழில் சொன்னார்: "செக்ஷன் அறிவிக்கிறது, முகாம் வாசலில் ஏறத்தாழ ஒரு பட்டாலியன் அளவு ஆட்கள். பெண்கள் தலைமை. கையில் உணவு. என்ன செய்வது, சேர் என்கிறார்."

தங்கரத்தினம் வாயைத் துடைத்தார். "என்ன செய்வீங்க?"

"முறைப்படி நான் பட்டாலியன் தளபதியைக் கேட்க வேண்டும். அவர் வடக்கில். அவர் பிரிகேட்டைக் கேட்பார். பிரிகேட் டிவிஷனைக் கேட்கும்." மேஜர் றுக்ஸானாவின் தலையிலிருந்த சஹனைப் பார்த்தார். மூடியின் ஓரத்தால் ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. "பதில் வரும்போது இந்தச் சோறு கல்லாகிவிடும்."

தொலைபேசியில் இரண்டு சொல் சொன்னார். கோப்ரல் தடையைத் தூக்கினார்.

எங்கள் ஊர் உள்ளே போனது.

கரப்பந்து முற்றத்தில் பாய் விரித்தோம். இடிந்த அத்திவாரத்தின் மேல், றுக்ஸானாவின் உம்மா அடுப்பு மூட்டிக் குசினி வைத்திருந்த மூலையில், முதல் சஹன் இறங்கியது. அதைச் சுற்றி றுக்ஸானா, ஸும்றா, செல்லத்தங்கம், இன்னும் மூன்று பெண்கள். பக்கத்துச் சஹனில் கோப்ரலும் ஐந்து சிப்பாய்களும். மிச்ச இரண்டு சிப்பாய்கள் ஒரு சஹனில் குறைவாக இருக்க, மேஜரும் தங்கரத்தினமும் அதில் உட்கார்ந்தார்கள். இன்னும் இரண்டு இடம் இருந்தது. ஸஹீத் வாசலடியில் நின்றுகொண்டிருந்தார். அன்றுதான் முதல் தடவையாக அவருக்கு அந்த வாசலால் உள்ளே வர ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

"வாங்க, காக்கா" என்று றுக்ஸானா அங்கிருந்தே கத்தினாள். "என்ட வளவுக்க வாற ஆரையும் நான் எத்தின பேர் எண்டு கேக்கிறல்ல."

ஸஹீத் வந்தார். உட்கார்ந்து, முதல் கவளத்தைக் கையில் எடுத்தபடி, தங்கரத்தினத்திடம் தணிந்த குரலில் சொன்னார்: "பாத்தீங்களா, ஐயா, நான் சொன்ன மாதிரியே. இப்ப உள்ளுக்குள்ள ஒரு பட்டாலியன் இரிக்கு."

"ஓம்" என்றார் தங்கரத்தினம். "இத நான் கண்ணால கண்டன்." மூடியிருந்த பேனையை எடுத்துப் பார்த்து, இறைச்சிக் கறி படாமல் இடக்கையால் சட்டைப் பையில் திரும்பக் குத்தினார். நாளைக்கு எழுதுவதற்கு.

'முகாம் தேவையில்லை' என்று அவர் எழுதினார். நோன்புப் பெருநாள் முடிந்து, மேலிருந்து கடிதம் வந்தது. முகாம் அகற்றப்படும் நாளில் ஸஹீத் ஒலிபெருக்கி கட்டி, மாபெரும் படை விலகலை ஊருக்கு அறிவித்தார். சனம் வீதியோரம் நின்று பார்த்தது. ஒரு லொறி வந்தது. பத்துப் பேரும் அவர்களுடைய கட்டில்களும் கரப்பந்து வலையும் அதில் ஏறியதும், பின்னால் இன்னும் இடம் இருந்தது. கோப்ரல் பண்டார கையசைத்தார். லொறி திரும்பியது. ஸஹீத்தின் உரை இன்னும் முடியவில்லை.

பலகையைக் கழற்றும் உத்தரவு மட்டும் இன்னும் வரவில்லை. அது யாருக்குச் சொந்தம் என்று மேஜருக்கும் தெரியவில்லை. றுக்ஸானா யாரையும் கேட்காமல் அதை இறக்கி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கப் போட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னரே, ஸும்றாவின் வீட்டு அத்திவாரத்துக்கு மேசன்மார் அதன் மேல்தான் சீமெந்து குழைத்தார்கள். நல்ல கனமான தகரம்.